பதில் கேட்காத வாழ்த்து

எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் ஒரு அக்கா இருந்தார். ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஒரு நாள் காரணம் சொல்லாமல் விடுப்பு போடுவார். அது அவருடைய பிறந்த நாள் என்று ஊழியர் பட்டியலைப் பார்த்து யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு அவர் மேசையில் ஒரு கிலோ கேக் வந்து இறங்கியது. எல்லோரும் கைதட்டினோம், பாடினோம். அவரும் சிரித்துக்கொண்டே வெட்டினார். ஒரு துண்டை அவர் வாயில் ஊட்டிவிட்டு போட்டோவும் எடுத்தோம். கூட்டம் கலைந்த பிறகு பார்த்தேன்: விரலில் ஒட்டியிருந்த கிரீமைக் கைக்குட்டையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்த விரலையே மறுபடியும் துடைத்தார். அவருடைய அப்பா இறந்ததும் அதே தேதியில்தான் என்பது பல மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிய வந்தது.

கேக்குக்குக் காசு போட்டவர்களில் நானும் ஒருத்தி. பிறந்த நாளைக் கொண்டாட விரும்பாதவருக்கு எப்படி வாழ்த்துச் சொல்வது என்று அன்றிலிருந்து யோசித்து வருகிறேன்.

விரும்பாததற்கு ஆளுக்கொரு காரணம் இருக்கும். சிலருக்கு இழப்பு. சிலருக்குக் கூட்டத்தின் நடுவில் நிற்பதே கூச்சம். சிலருக்கு அந்தத் தேதியே அவர்களுடையது இல்லை. நம் ஊரில் இது சாதாரணம். பிறப்பைப் பதிவு செய்யும் பழக்கம் பரவாத காலத்தில், கையைத் தலைக்கு மேலே வளைத்து மறுபக்கத்துக் காதைத் தொட்டால்தான் ஒண்ணாம் வகுப்பில் சேர்ப்பார்கள். தொட்ட பிள்ளைக்குத் தலைமையாசிரியர் ஒரு தேதியை எழுதிவிடுவார், பெரும்பாலும் மே அல்லது ஜூன் மாதத்தில். வீட்டில் அம்மாவுக்குத் தெரிந்ததோ ஐப்பசி மாதம், அஸ்வினி நட்சத்திரம். அப்படி ஒருவருக்கு ஜூன் மாதம் மாலை போட்டால் அவர் யாருடைய விழாவிலோ நிற்பது போலத்தான் நிற்பார். யெகோவாவின் சாட்சிகள் போன்ற சில சபையினர் மத நம்பிக்கை காரணமாகவே பிறந்த நாள் கொண்டாடுவதில்லை. அவர்களுக்கு மென்மையான வாழ்த்துகூட வேண்டியதில்லை. அன்பைக் காட்ட வேறொரு நாள் இருக்கிறது.

இங்கே ஒரு சிக்கல். நம்மிடையே ‘வேண்டாம்’ என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. பந்தியில் ‘போதும் போதும்’ என்று இலையை மறைப்பவருக்கு இன்னொரு கரண்டி வைத்தால்தான் மரியாதை. பிறந்த நாளிலும் சிலர் அப்படித்தான் மறுப்பார்கள். உபசார மறுப்பு எது, உண்மையான மறுப்பு எது என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது? என் அனுபவத்தில் உபசாரத்துக்கு மறுப்பவர் அன்றைக்கு, நம் எதிரிலேயே, ‘ஐயோ எதுக்கு இதெல்லாம்’ என்பார். உண்மையாக மறுப்பவர் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வார். விடுப்பு போடுவார், போனை எடுக்க மாட்டார், பேச்சை மாற்றுவார். ஃபேஸ்புக்கில் பிறந்த தேதிக்கு எதிரே Only me என்று வைத்திருப்பார். இவ்வளவு மெனக்கெட்டு மறைத்தவருடைய பக்கத்தில் போய் எல்லோரும் பார்க்க வாழ்த்து எழுதினால், அவர் தாழிட்ட கதவை நாமே திறந்துவிட்ட மாதிரி.

அதற்காக ஒன்றுமே சொல்லாமல் இருந்துவிடலாமா? கூடாது என்றே நினைக்கிறேன். கொண்டாட்டத்தை விரும்பாதவர் எல்லோரும் மறக்கப்படுவதை விரும்புகிறவர்கள் இல்லை. அவர்களை வருத்துவது பெரும்பாலும் வாழ்த்து அல்ல, அதன் கூடவே வரும் வேலை. வாட்ஸ்அப் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒருவர் கேக் படம் போட்டால் போதும், மத்தியானத்துக்குள் நாற்பது பேர் தொடர்ந்து போட்டுவிடுவார்கள். நாற்பது பேருக்கும் நன்றி சொல்ல வேண்டும். யாராவது ஒருவர் விடுபட்டால் அது ஒரு மனஸ்தாபம். நடுவில் ‘ட்ரீட் எப்போ?’ வரும், ‘எத்தனை வயசு?’ வரும். போனில் கூப்பிட்டால் இன்னும் சிரமம், அந்த நிமிடமே குரலில் சந்தோஷத்தை வரவழைக்க வேண்டியிருக்கும்.

அதனால் அனுப்புவது தனிச்செய்தியாக இருக்கட்டும். நடு இரவு பன்னிரண்டு மணி வேண்டாம், காலை வேலையெல்லாம் முடிந்த பிறகு அனுப்பலாம். மூன்று வரிக்கு மேல் போக வேண்டாம். கேள்விக்குறி ஒன்றுகூட இருக்கக் கூடாது, கேள்வி இருந்தால் பதில் சொல்லியாக வேண்டும். பலர் தவறுவது முதல் வரியில்தான்: ‘உங்களுக்குப் பிடிக்காதுன்னு தெரியும், இருந்தாலும் மனசு கேக்கல.’ படிக்கிறவர் இப்போது நம்மைச் சமாதானப்படுத்த வேண்டும், ‘பரவாயில்லை, சந்தோஷம்தான்’ என்று. அந்த வரியை அப்படியே எடுத்துவிட்டால் செய்தி நேராகிவிடும்.

‘நூறாண்டு வாழ்க’ என்பதையும் யோசித்துப் போட வேண்டும். உடம்பு முடியாதவருக்கும், துணையை இழந்து ஒரு வருஷம்கூட ஆகாதவருக்கும் அது வேறு மாதிரி கேட்கும். பெரியவர்கள் சொல்லும் ‘நல்லா இருங்க’ எந்த நிலையில் இருப்பவருக்கும் பொருந்தும்.

அடுத்த பிப்ரவரியில் அந்த அக்காவுக்கு நான் என்ன எழுதலாம் என்று இரண்டு நாள் அடித்து அடித்துத் திருத்தினேன். முதலில் எழுதியது: ‘இனிய பிறந்த நாள் வாழ்த்துகள் அக்கா! அப்பா எங்கிருந்தாலும் உங்களை ஆசீர்வதிப்பார்.’ அழித்தேன். அப்பாவைப் பற்றிப் பேசுவதா வேண்டாமா என்பது அவருடைய உரிமை, அதை நான் தொடங்கக் கூடாது. அடுத்து: ‘இன்னைக்கு ஏதாவது வேணும்னா சொல்லுங்க அக்கா.’ அதையும் அழித்தேன். என்ன வேண்டும் என்று யோசித்துச் சொல்லும் பாரம் அவர் தலையில் விழுகிறது. கடைசியில் போனது இதுதான்: ‘அக்கா, இன்னைக்கு உங்களை நினைச்சுக்கிட்டேன். நல்லா இருங்க. பதில் போட வேண்டாம், நாளைக்கு ஆபீஸ்ல பாப்போம்.’ பிறந்த நாள் என்ற சொல்லே அதில் கிடையாது. தேதியே அதைச் சொல்லிவிடும்.

வார்த்தை வேண்டாம் என்று தோன்றினால் நம் வீடுகளில் பழைய வழி ஒன்று இருக்கிறது. கேக் வெட்டுவது வழக்கமாவதற்கு முன்னால் பல வீடுகளில் நட்சத்திரப் பிறந்த நாள் என்றால் எண்ணெய்க் குளியல், கோயிலில் பெயரும் நட்சத்திரமும் சொல்லி ஒரு அர்ச்சனை, வீட்டில் கொஞ்சம் பாயசம், அவ்வளவுதான். பெரியவர்களுக்கு அறுபதிலும் எண்பதிலும்தான் விழா எடுத்தார்கள். கோயிலுக்குப் போகும் பழக்கம் உள்ளவருக்கு அவர் பெயரில் அர்ச்சனை செய்துவிட்டு, ஒரு வாரம் கழித்து வேறு பேச்சுக்கு நடுவில் திருநீற்றுப் பொட்டலத்தைக் கையில் கொடுக்கலாம். கோயில் பழக்கம் இல்லாதவருக்கு அவர் விரும்பிச் சாப்பிடும் ஒரு பண்டம் போதும். அதில் ரிப்பன் கட்ட வேண்டாம், அட்டை வைக்க வேண்டாம்.

என் செய்திக்கு அக்கா அன்றைக்குப் பதில் போடவில்லை. இரண்டு நீல டிக் மட்டும் விழுந்திருந்தது. மறுநாள் மத்தியானச் சாப்பாட்டின்போது அவருடைய டிபன் டப்பாவின் மூடியில் இரண்டு அதிரசம் வைத்து என் பக்கம் தள்ளினார். ‘அப்பாவுக்குப் பிடிக்கும். நேத்து சுட்டேன்’ என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டு முடிக்கும் வரை அவரே அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.