‘இன்னுமா அழுகிறாள்?’ என்று நினைப்பார்களோ

துக்கம் நடந்த முதல் வாரம் எல்லோரும் கூட இருப்பார்கள். போன் அடித்துக்கொண்டே இருக்கும், யாராவது சாப்பாடு கொண்டுவந்து வைப்பார்கள். நாலைந்து மாதம் கழிந்தும் மனம் மீளாதபோதுதான் ஒரு பயம் தலைகாட்டுகிறது: ‘இன்னும் இதையே சொல்லிக்கொண்டிருந்தால் சிநேகிதர்களுக்குச் சலித்துவிடாதா? நான் அவர்களுக்குப் பாரமாகிவிட்டேனோ?’

அம்மாவைப் பறிகொடுத்து ஐந்து மாதமான ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். இரவு பதினொரு மணிக்குக் கல்லூரித் தோழிக்கு வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதுகிறாள், அனுப்பாமல் அழித்துவிடுகிறாள். மறுநாள் தோழியே “எப்படிடி இருக்க?” என்று கேட்டால், “நல்லா இருக்கேன்டி” என்கிறாள். தோழி அதை நம்பிவிடுகிறாள். வேலை, குழந்தை என்று அவளுக்கும் ஆயிரம் இருக்கிறது. அடுத்த பத்து நாள் கூப்பிடவில்லை. இவளோ, ‘பார், அவளுக்கும் சலித்துவிட்டது’ என்று முடிவு கட்டுகிறாள். தோழியை விலக்கியது சலிப்பு அல்ல. ‘நல்லா இருக்கேன்’ என்ற பதில்தான். ஆனால் பயத்துக்கு அதுவே சாட்சியாகிவிடுகிறது. அடுத்த முறை இன்னும் இறுக்கமாக மறைக்கிறாள்.

இப்படித் தப்பாகக் கணக்குப் போடுவது அவள் குணத்தின் கோளாறு இல்லை. தான் எதற்கும் உதவாதவள் என்ற எண்ணத்தையும், காரணத்துக்கு மிஞ்சிய குற்ற உணர்வையும் மனச்சோர்வு நோயின் அறிகுறிகளாகவே மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். காய்ச்சலில் வாய் கசப்பது போல, இந்தக் கசப்பையும் சோர்வே கொண்டுவந்திருக்கலாம்.

சோர்வு இல்லாதவர்கள்கூட இந்த இடத்தில் தவறிவிடுகிறார்கள். அமெரிக்காவில் பிரான்சிஸ் ஃபிளின், வனெசா லேக் என்ற இருவர் 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அதில் பங்கேற்றவர்கள், முன்பின் தெரியாதவர்களிடம் கேள்வித்தாளை நிரப்பித் தரச் சொல்லி, ஐந்து பேரைச் சம்மதிக்க வைக்க வேண்டும். எத்தனை பேரிடம் கேட்க வேண்டியிருக்கும் என்று முன்கூட்டிக் கேட்டபோது சுமார் 20 என்றார்கள். உண்மையில் சுமார் 10 பேரிடம் கேட்டதுமே வேலை முடிந்தது. கேட்பவர் தன் கூச்சத்தையே பார்க்கிறார். எதிரில் இருப்பவருக்கு ‘முடியாது’ என்று சொல்வது எவ்வளவு சங்கடம் என்பது அவர் கண்ணில் படுவதில்லை. அது சின்ன உதவிதான். மாதக்கணக்கான துக்கத்துக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் மனம் எந்தப் பக்கம் சாய்ந்து கணிக்கிறது என்பதை அது காட்டுகிறது.

அதற்காக நண்பர்கள் களைப்பதே இல்லை என்று சொன்னால் அது பொய். ஜேம்ஸ் கோய்ன் என்ற உளவியலாளர் 1976இலேயே இதை எழுதினார். சோர்ந்தவர் ‘என்னைப் பிடிக்கும்தானே? கோபமில்லையே?’ என்று உறுதி கேட்கிறார். மற்றவர் உறுதி தருகிறார். அது மனதில் ஒட்டாமல் மறுபடி அதே கேள்வி வருகிறது. இங்கே நண்பரைக் களைக்க வைப்பது துக்கத்தைவிட, எந்தப் பதில் சொன்னாலும் தீராத அந்தக் கேள்விதான்.

ஆகவே பேச்சை நிறுத்த வேண்டாம், கேட்கும் விதத்தை மாற்றினால் போதும். முடிக்கக்கூடிய ஒரு காரியமாகக் கேளுங்கள். அந்தப் பெண் இப்படி அனுப்பலாம்: “இன்னும் மனசு சரியாகலடி. சனிக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் என்கூட நடக்க வர்றியா? நீ ஆறுதல் எதுவும் சொல்ல வேணாம். முடியலன்னா பரவாயில்ல, வேற நாள் பார்க்கலாம்.” இதில் உண்மை நிலை இருக்கிறது, எவ்வளவு நேரம் என்பது இருக்கிறது, மறுக்கவும் இடமிருக்கிறது. தோழியும் தன்னால் முடிந்ததைச் செய்தோம் என்ற நிறைவோடு வீடு திரும்பலாம். நடக்க ஒருத்தி, அம்மாவைப் பற்றிப் பேச அக்கா, ஆஸ்பத்திரிக்குக் கூட வர இன்னொருத்தர் என்று பிரித்துக் கேட்டால் ஒருவர் தலையிலேயே எல்லாம் விழாது.

நட்பால் மட்டும் தீராத நிலையும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக நாள் முழுவதும் சோர்வு, தூக்கமும் பசியும் கெட்டுப்போவது, வேலையில் கை ஓடாதது என்றிருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

‘நான் இல்லாவிட்டால் இவர்களுக்கு நிம்மதி’ என்று நினைப்பு மாறினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. தற்கொலை எண்ணத்துக்கு இட்டுச்செல்லும் முக்கியமான உணர்வுகளில் ஒன்றாக, பிறருக்குப் பாரமாகிவிட்டோம் என்ற நினைப்பை உளவியலாளர் தாமஸ் ஜாய்னர் 2005இல் வெளிவந்த தன் நூலில் குறிப்பிட்டார். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்த நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். உங்கள் நண்பர் வாயிலிருந்து ‘நான் இல்லாவிட்டால் நிம்மதி’ என்ற வார்த்தை வந்தால், “சாகணும்னு தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ‘ஆமாம்’ என்றால் அவரைத் தனியே விடாமல், பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே அந்த எண்ணுக்குப் போன் போட்டுக் கொடுங்கள்.