பயிற்சித் தாள் எப்போது விடைத்தாள் ஆகிறது?

போன பருவத்தில் ஒரு பிற்பகல், இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ் அசைன்மென்ட்டை என் மேசையில் வைத்துவிட்டு நின்றான். ஏழு பக்கம், முத்து முத்தான கையெழுத்து, ஓர் அடித்தல்கூட இல்லை. மூன்றாவது கணக்கின் விடை 6.33 என்று போட்டு அடிக்கோடு இட்டிருந்தான். விடை சரி. இருந்தாலும் அடித்தலே இல்லாத கணக்கு என்னைக் கொஞ்சம் உறுத்தியது.

"குவாண்டம் 4-னு குடுத்திருக்கேன். அதை 3 ஆக்கினா எவ்வளவு வரும்? இங்கயே போட்டுக் காட்டுப்பா" என்றேன்.

பேனாவை எடுத்தான், நீளமாக ஒரு கோடு போட்டான். கோட்டுக்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியாமல் நின்றுவிட்டான்.

அது பெரிய கணக்கே அல்ல. ஒரே ஒரு புராசஸர், அதற்கு மூன்று வேலைகள் காத்திருக்கின்றன. முதல் வேலைக்கு 10 மில்லிசெகண்ட் வேண்டும், இரண்டாவதற்கு 4, மூன்றாவதற்கு 3. ஒரே வேலை புராசஸரைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு முறைக்கு 4 மில்லிசெகண்ட்தான். முடியாத வேலை வரிசையின் கடைசிக்குப் போய் மறுபடி நிற்க வேண்டும். இந்த 4-க்குப் பெயர்தான் குவாண்டம். இப்படிச் சுற்றிவந்தால் இரண்டாம் வேலை 8-லும், மூன்றாவது 11-லும், முதலாவது 17-லும் முடியும். முடிந்த நேரத்திலிருந்து வேலைக்கான நேரத்தைக் கழித்தால் காத்திருந்த நேரம்: முதலாவதற்கு 7, அடுத்ததற்கு 4, கடைசிக்கு 8. கூட்டினால் 19, மூன்றால் வகுத்தால் 6.33.

குவாண்டத்தை 3 ஆக்கியதும் இரண்டாம் வேலைக்கு ஒரு மில்லிசெகண்ட் மிச்சம் விழுகிறது. அந்த ஒன்றுக்காக அது இன்னொரு சுற்று காத்திருந்து 13-ல்தான் முடிகிறது. மூன்றாவது வேலை 9-லேயே முடிந்துவிடும், முதலாவது அதே 17. காத்திருப்பு 7, 9, 6 ஆகி, சராசரி 7.33. ஒரே ஒரு தடவை சொந்தமாக அந்தக் கட்டத்தைப் போட்டுப் பார்த்தவருக்கு மூன்று நிமிட வேலை.

அவன் பொய் சொல்லவில்லை. "மேம், நான் சாட்ஜிபிடியில மாடல் எக்ஸாம்தான் எழுதிப் பார்த்தேன். எல்லாரும் அப்படித்தான் படிக்கிறாங்க" என்றான். உட்காரவைத்து முதலிலிருந்து கேட்டேன். பத்து நாளாக அவன் செய்தது உண்மையிலேயே நல்ல காரியம். இரண்டாம் யூனிட்டின் பாடத்திட்டத்தைக் கொடுத்து, பல்கலைக்கழக வினாத்தாள் அமைப்பில், அதாவது 2 மதிப்பெண் பத்து, 13 மதிப்பெண் ஐந்து, 15 மதிப்பெண் ஒன்று என்று கேள்வி தயாரிக்கச் சொல்லியிருக்கிறான். ஃபோனைத் தூரவைத்துவிட்டு இரண்டு தாள்கள் எழுதியும் இருக்கிறான். பதினோராம் நாள், அசைன்மென்ட் கொடுக்க வேண்டிய முந்தின இரவு, நான் கொடுத்த கேள்வியையே "இதுவும் ஒரு பயிற்சிக் கேள்வி" என்று உள்ளே போட்டான். படிப்படியாக விடை வந்தது. அதைப் பார்த்து எழுதினான்.

பத்து நாளும் அதே கருவி, அதே மாணவன். பதினோராம் நாள் மாறியது, அந்தத் தாள் யாரிடம் போகிறது என்பது மட்டும்தான். என்னைப் பொறுத்தவரை எல்லைக்கோடு அங்கேதான் இருக்கிறது. பயிற்சித் தாளின் மதிப்பெண் மாணவன் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் தகவல். அசைன்மென்ட் மதிப்பெண், "இதை இவனால் செய்ய முடியும்" என்று ஆசிரியர் வேறொருவருக்குக் கொடுக்கும் வாக்கு. எங்கள் 2021 விதிமுறையில் தியரி பாடங்களுக்கு அக மதிப்பீடு 40, பருவத் தேர்வு 60. அக மதிப்பீட்டில் அசைன்மென்ட் வகைக்கு நாற்பது சதவீதம், எழுத்துத் தேர்வுக்கு அறுபது. ஆக நூற்றில் 16 மதிப்பெண் யாரும் பக்கத்தில் நின்று பார்க்காத இடத்தில் எழுதப்படுகிறது. அந்தப் பதினாறும் மாணவனின் சொல்லை நம்பித்தான் போடப்படுகின்றன.

மாதிரித் தேர்வு எழுதுவது ஏன் பயன் தருகிறது என்று தெரிந்தால், எது பயிற்சி, எது பயிற்சி மாதிரி தெரிவது என்பதும் புரியும். 2006-ல் அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பத்தியைக் கொடுத்து, ஒரு பிரிவினரை மறுபடி படிக்கச் சொன்னார்கள். இன்னொரு பிரிவினரை அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். படித்தவர்களுக்கு 42 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. மண்டையைக் குடைந்து வெளியே எடுப்பதில்தான் பாடம் ஊறுகிறது. விடையைக் கண்ணால் பார்த்து "ஆமா, இதுதானே" என்று தலையாட்டும்போது ஊறுவதில்லை, ஊறியது போன்ற நினைப்பு மட்டும் வருகிறது.

2023-ல் துருக்கியில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஆயிரம் பேர் அளவில் நடந்த கணிதச் சோதனை இதை இன்னும் பட்டவர்த்தனமாகக் காட்டியது. வழக்கம்போல் வகுப்பு நடந்த பிறகு, ஒரு பிரிவினர் பாடப்புத்தகத்தையும் குறிப்புகளையும் வைத்துப் பயிற்சி செய்தார்கள். இரண்டாம் பிரிவினருக்கு, கேட்டால் விடை சொல்லும் சாதாரண ஜிபிடி-4. மூன்றாம் பிரிவினருக்கு அதே ஜிபிடி-4, ஆனால் விடை சொல்லாதே, குறிப்பு மட்டும் கொடு என்று கட்டிப்போட்டது. பயிற்சி நேரத்தில் இரண்டாம் பிரிவினர் புத்தகக்காரர்களைவிட 48 சதவீதம் கூடுதலாகச் செய்தார்கள், மூன்றாம் பிரிவினர் 127 சதவீதம். பிறகு எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். விடை வாங்கிப் பழகியவர்கள், கருவியையே தொடாதவர்களைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். குறிப்பு மட்டும் வாங்கியவர்களிடம் அந்தச் சரிவு ஏறக்குறைய இல்லை. என்னை வருத்திய விஷயம் இன்னொன்று. விடை வாங்கிய பிள்ளைகளுக்குத் தாங்கள் பின்தங்கிவிட்டோம் என்பதே தெரியவில்லை.

என் மாணவனுக்கும் தெரிந்திருக்கவில்லை. அதனால்தான் அவனைக் கள்ளன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அவன் கொடுத்தது அவனுடைய வேலை இல்லை என்பதும் உண்மை.

மாணவர்கள் உடனே கேட்கும் கேள்விகள் உண்டு. "மாடல் விடையை மனப்பாடம் பண்ணி எழுத்துத் தேர்வுல எழுதினா?" எழுதலாம். அது சுமாரான படிப்பு, மோசடி இல்லை. ஹாலில் கையில் ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்து எழுதும்போது அங்கே இருப்பது அவரவர் நினைவு மட்டும்தான். "கருவி போட்ட கேள்வியே அசைன்மென்ட்ல வந்துட்டா?" வரட்டும், முன்பு தானே போட்டுப் பார்த்த கணக்கை இப்போதும் தானே போடலாம். "வார்த்தையெல்லாம் மாத்தி எழுதிட்டேன் மேம்" என்பதை மட்டும் நான் ஏற்பதில்லை. கேள்வி சோதிப்பது வார்த்தையை அல்ல, அந்தக் கட்டத்தைப் போடும் திறனை. கட்டம் வேறெங்கோ இருந்து வந்திருந்தால், வாக்கியத்தை எத்தனை முறை மாற்றினாலும் அது வேறெங்கோ இருந்து வந்ததுதான்.

ஆங்கிலத்தைத் திருத்தச் சொல்வது இதைவிடச் சிக்கல். தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு வந்த பிள்ளை, தன் விடையை எழுதி முடித்துவிட்டு இலக்கணத்தை மட்டும் சரிசெய்தால், ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ் பாடத்தில் அது எனக்குத் தவறில்லை. அங்கே நான் ஆங்கிலத்துக்கு மதிப்பெண் போடவில்லை. அதே பிள்ளை ஆங்கிலத் தாளின் கடிதம் எழுதும் பயிற்சியில் அதைச் செய்தால் தவறு. எதற்கு மதிப்பெண் என்பதைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். அதை வகுப்பில் முன்கூட்டியே சொல்லவேண்டியது ஆசிரியர் கடமை. நான் அந்தப் பருவத்தில் சொல்லியிருக்கவில்லை, அந்தப் பிழை என்னுடையது.

கண்டுபிடிக்க மென்பொருள் இருக்கிறதே என்று சக ஆசிரியர்கள் சொல்வார்கள். அதை வைத்து ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணில் கைவைக்க எனக்குத் துணிவில்லை. சாட்ஜிபிடியை வெளியிட்ட ஓப்பன் ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படி ஒரு கருவியைக் கொண்டுவந்தது. இயந்திரம் எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது, மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை இயந்திரத்தின் கணக்கில் சேர்த்தது. அதே ஆண்டு ஜூலையில் துல்லியம் போதாது என்று அவர்களே எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளில் சராசரியாக 61 சதவீதத்தை இயந்திரம் எழுதியது என்று அவை தவறாகச் சொல்லின. எளிய சொல், சின்ன வாக்கியம், திரும்பத் திரும்ப வரும் அமைப்பு: கடன்வாங்கிய மொழியில் எழுதுபவர் யாரும் அப்படித்தான் எழுதுவார். என் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

ஆகவே நாங்கள் வேறு வழிக்கு வந்திருக்கிறோம். பிரிட்டனில் பள்ளித் தேர்வு வாரியங்களின் கூட்டமைப்பான ஜேசிக்யூ, மாணவர் இத்தகைய கருவியைப் பயன்படுத்தியிருந்தால் அதன் பெயர், தேதி, கேட்ட கேள்வி, வந்த விடை ஆகியவற்றைச் சேமித்து, எப்படிப் பயன்படுத்தினார் என்ற சிறு விளக்கத்தோடு கொடுக்கச் சொல்கிறது. மாணவர் தானாகச் செய்ததாகக் காட்ட முடியாத பகுதிக்கு மதிப்பெண் இல்லை என்பதும் அங்கே விதி. அதை எங்கள் ஊர் அளவுக்குச் சுருக்கி, அசைன்மென்ட்டின் கடைசிப் பக்கத்தில் "எங்கே உதவி வாங்கினேன்" என்று நான்கு வரி எழுதச் சொல்கிறேன். எழுதியதற்காக யாருக்கும் மதிப்பெண் குறைப்பதில்லை. கூடவே ஆளுக்கு மூன்று நிமிடம். ஒரு எண்ணை மாற்றுவேன், என் முன்னால் போட்டுக் காட்ட வேண்டும். அறுபது பேருக்கு மூன்று மணி நேரம் ஆகிறது, இரண்டு மதியங்களாகப் பிரித்துச் செய்கிறேன்.

அந்த மாணவனுக்கு அந்தக் கணக்குக்கு மட்டும் மதிப்பெண் போடாமல் விட்டுவிட்டு, வேறு எண்களோடு இன்னொன்று கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துக் கொண்டுவந்தான். முதல் கட்டம் முழுக்க அடித்திருந்தது. குவாண்டம் முடியும் முன்பே வேலை முடிந்துவிட்டால் அடுத்த வேலை காத்திருக்காமல் உடனே தொடங்கும் என்பதை மறந்திருக்கிறான், எல்லோரும் செய்யும் தப்பு. கீழே இரண்டாவது கட்டம் சரியாக இருந்தது. கடைசிப் பக்கத்து நான்கு வரியில், "முதல் கட்டம் ஏன் தப்பு என்று மட்டும் கேட்டேன், விடை கேட்கவில்லை" என்று தேதி போட்டு எழுதியிருந்தான். எண்ணை மாற்றிக் கேட்டேன். இந்த முறை கோடு போட்டதும் கை நிற்கவில்லை.