ஆர்டர் வந்த பிறகும் ஏன் விடவில்லை?

உயர் நீதிமன்றத்தில் ஜாமீன் கிடைத்துவிட்டதாக வக்கீல் போனில் சொல்வார். வீட்டில் அன்று இரவே ஆளை எதிர்பார்ப்பார்கள். இரண்டு நாள் கழித்தும் அவர் சிறையிலேயே இருந்தால், எங்கோ ஏதோ கோளாறு என்று பதறுவார்கள். பெரும்பாலும் கோளாறு எதுவும் இருக்காது. நீதிபதியின் உத்தரவு மட்டும் சிறைக் கதவைத் திறப்பதில்லை. அதில் கேட்ட ஜாமீன்தாரர்கள் கீழ் நீதிமன்றத்தில் வந்து கையெழுத்துப் போட்ட பிறகு, மாஜிஸ்திரேட் சிறைக்கு அனுப்பும் விடுதலை உத்தரவுதான் திறக்கிறது.

ஒரு மாதிரி உத்தரவை எடுத்துக்கொள்வோம். தென்காசிப் பக்கத்து இளைஞர், டூவீலர் மெக்கானிக், அடிதடி வழக்கு. உத்தரவு இப்படி இருக்கிறது: 10,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணை, அதே தொகைக்கு இரு நபர் ஜாமீன். மறு உத்தரவு வரும்வரை மதுரையில் தங்கி, குறிப்பிட்ட காவல் நிலையத்தில் தினமும் காலை 10.30 மணிக்குக் கையெழுத்திட வேண்டும். சாட்சிகளைக் கலைக்கக் கூடாது, தலைமறைவாகக் கூடாது.

அந்தப் பத்தாயிரத்தைப் பார்த்ததும் அம்மா நகையை அடகு வைக்கக் கிளம்பிவிடுவார். வேண்டியதில்லை. அது இப்போது கட்டும் பணமல்ல. “இவர் வாய்தாவுக்கு வராவிட்டால் இந்தத் தொகைக்கு நான் பொறுப்பு” என்று ஜாமீன்தாரர் எழுதிக் கொடுக்கும் உறுதி. ஆள் ஒழுங்காக வந்துபோனால் ஒரு பைசாகூடக் கைமாறாது. வராமல் போனால் நீதிமன்றம் ஜாமீன்தாரருக்கு நோட்டீஸ் அனுப்பிக் காரணம் கேட்கும். பிறகு தொகையை வசூலிக்கும், சில சமயம் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யும். வசூலிக்கவே முடியாவிட்டால் அவரை ஆறு மாதம் வரை சிவில் சிறையில் வைக்கவும் சட்டம் இடம் தருகிறது. பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்கும்போது இதையும் சொல்லிவிட்டுக் கேட்பதுதான் நியாயம்.

ஜாமீன்தாரர் ஆதார், போட்டோ, வீட்டு வரி ரசீது போன்றவற்றோடு நேரில் வர வேண்டும். சில நீதிமன்றங்களில் தாசில்தாரிடமிருந்து சொத்து மதிப்புச் சான்றும் கேட்பார்கள். இதுவரை எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறார் என்பதையும் அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். காசுக்கு ஜாமீன் நிற்பவரைக் கூட்டிப்போனால் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் மாட்டும்.

ஆளே கிடைக்கவில்லை என்றால்? 1978-இல் மோத்தி ராம் என்ற கொத்தனாருக்கு 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டார்கள். அண்ணன் தம்பி உறவில் ஒருவர் முன்வந்தும், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறதென்று மாஜிஸ்திரேட் ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ண ஐயர் அதைக் கடுமையாகக் கண்டித்து, 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. ஒரு மாதத்துக்குள் ஜாமீன் கொடுக்க முடியாமல் ஒருவர் உள்ளேயே இருந்தால், நிபந்தனையைத் தளர்த்த முடியுமா என்று நீதிமன்றம் தானாகவே பார்க்கலாம் என்றது. ஆட்களுக்குப் பதிலாகப் பணம் கட்ட அனுமதி கேட்கவும் வழி உண்டு. வக்கீலிடம் வாய்விட்டுக் கேளுங்கள். பல குடும்பங்கள் கேட்பதேயில்லை.

இனி கையெழுத்து. “தினமும் 10.30” என்றால் பத்தேகாலுக்கே நிலையத்தில் இருப்பது நல்லது. போட்ட தேதியையும் நேரத்தையும் தனியாக ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பின்னாளில் “வரவேயில்லை” என்ற பேச்சு எழுந்தால் அது உதவும். காய்ச்சலில் ஒரு நாள் தவறியதற்காக ஜாமீன் தானாக ரத்தாகிவிடாது. போலீஸ் தரப்பு மனுப் போட்டு, இரு பக்கமும் கேட்ட பிறகுதான் நீதிமன்றம் முடிவெடுக்கும். ஆனாலும் அன்றே வக்கீலிடம் சொல்லி, ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். சும்மா இருந்துவிடுவதுதான் ஆபத்து.

சொந்த ஊர் தென்காசியாக இருக்க, மதுரையில் ஏன் தங்கச் சொல்கிறார்கள்? அடிபட்டவரும் சாட்சிகளும் ஊரில்தான் இருக்கிறார்கள். எதிரெதிரே பார்த்தால் மறுபடி கைகலப்பு வரலாம், சாட்சி பயப்படலாம். அதனால் கோயில் கொடை என்று ஒரு நாள் ஊருக்கு வந்து, யாராவது செல்போனில் படம் பிடித்துவிட்டால், அதுவே ஜாமீனை ரத்து செய்யக் காரணமாகும். பாஸ்போர்ட்டை ஒப்படைக்கச் சொல்லியிருந்தால் நீதிமன்ற அனுமதியில்லாமல் வெளிநாட்டுப் பயணம் கிடையாது. அதே சமயம் கண்காணிப்புக்கும் எல்லை உண்டு: செல்போனில் இருக்கும் இடத்தை எந்நேரமும் போலீசுக்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை செல்லாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

“மறு உத்தரவு வரும்வரை” என்ற தொடரைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஒரு மாதம் போட்டாயிற்று, போதும் என்று தாமாக நிறுத்திவிடுகிறார்கள். அது தானாக முடியாது. நிபந்தனை விதித்த நீதிமன்றத்திலேயே தளர்வு மனுப் போட வேண்டும். சில வாரம் தவறாமல் கையெழுத்திட்டிருந்தாலும், குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டாலும், வேலை பறிபோகும் நிலை இருந்தாலும் அவை நல்ல காரணங்கள். தினமும் என்பது வாரம் ஒரு முறையாகலாம், மதுரை தென்காசியாகலாம், கையெழுத்தே நீங்கலாம். மனு அனுமதிக்கப்பட்டதாக வக்கீல் சொன்னாலும், உத்தரவின் நகல் காவல் நிலையத்துக்குப் போய்ச் சேரும்வரை 10.30-க்குப் போய்க் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.