சி.சி. கணக்கில் வட்டி சரிதானா? ஸ்டேட்மெண்டை வைத்தே கண்டுபிடிக்கலாம்

பத்து லட்சம் ரூபாய் லிமிட் வாங்கியவர் பத்து லட்சத்துக்கும் வட்டி கட்ட வேண்டியதில்லை. கேஷ் கிரெடிட் ஆனாலும் ஓவர்டிராப்ட் ஆனாலும், ஒவ்வொரு நாள் முடிவிலும் எவ்வளவு எடுத்து வைத்திருக்கிறாரோ அதற்கு மட்டுமே வட்டி. இது பலருக்கும் தெரியும். ஆனால் மாதக் கடைசியில் 'இன்ட்ரஸ்ட்' என்று ஒரு தொகை கழியும்போது, அது சரியா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பவர் குறைவு.

ஈரோட்டில் நூல் வியாபாரம் செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். லிமிட் 10 லட்சம், அனுமதிக் கடிதத்தில் வட்டி ஆண்டுக்கு 10.95 சதவீதம். ஜூன் 1 முதல் 10 வரை நாள் முடிவு பாக்கி 4 லட்சம். 11ஆம் தேதி மில்லுக்கு 2 லட்சம் அனுப்பினார்; 20 வரை பாக்கி 6 லட்சம். 21ஆம் தேதி வாடிக்கையாளரிடமிருந்து 3 லட்சம் வந்தது. 30 வரை பாக்கி 3 லட்சம்.

இப்போது பாக்கியை நாட்களால் பெருக்குங்கள். 4 லட்சம் பத்து நாளுக்கு 40 லட்சம். அடுத்த பத்து நாளுக்கு 60 லட்சம், கடைசிப் பத்துக்கு 30 லட்சம். மொத்தம் 130 லட்சம். இதை வட்டி விகிதத்தால் பெருக்கி 36,500 ஆல் வகுத்தால் 3,900 ரூபாய். அந்த மாத வட்டி அவ்வளவுதான். முழு லிமிட்டுக்கும் போட்டிருந்தால் 9,000 ரூபாய் வந்திருக்கும்.

ஒரே நாளில் பணம் வந்து போனால் நாள் முடிவு பாக்கிதான் கணக்கு. ஞாயிறும் விடுமுறையும் நாட்களில் சேரும். செக் போட்டிருந்தால் போட்ட தேதியைப் பார்க்காதீர்கள். ஸ்டேட்மெண்டில் 'வேல்யூ டேட்' பத்தி இருந்தால் அதைப் பாருங்கள், வட்டி அந்தத் தேதிப்படிதான் ஓடும். சில வங்கிகள் மாதக் கடைசி நாளை அடுத்த மாதத்தில் சேர்க்கும். நம் உதாரணத்தில் ஜூன் 30க்கான 90 ரூபாய் அடுத்த மாதத்துக்குப் போகும். அது பிழை அல்ல.

ஆனால் ஸ்டேட்மெண்டில் 4,256 ரூபாய் கழிந்திருந்தால்? கணக்கைத் திருப்பிப் போடுங்கள். 4,256ஐ 36,500 ஆல் பெருக்கி, 130 லட்சத்தால் வகுத்தால் 11.95 வருகிறது. முழு லிமிட்டுக்கு வட்டி போடவில்லை, எடுத்த பணத்துக்குத்தான் போட்டிருக்கிறார்கள் என்பது இதிலேயே தெரிந்துவிடும். விகிதத்தில்தான் சரியாக ஒரு சதவீதம் கூடியிருக்கிறது. விகித வித்தியாசம் இப்படி முழுசாக இல்லாமல் தாறுமாறாக வந்தால், பாக்கியிலோ தேதியிலோ தவறு இருக்கிறதா என்று தேட வேண்டும்.

அந்த ஒரு சதவீதத்துக்கு நியாயமான காரணமும் இருக்கலாம். ரெப்போவோடு இணைந்த கடனில் விகிதம் மாறும். அப்படியானால் எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு என்று வங்கி சொல்ல முடிய வேண்டும். ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் தாமதமாகக் கொடுத்ததற்கு அபராதமாக விகிதத்தைக் கூட்டியிருந்தால் அது வேறு விஷயம். ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, அபராதத்தை வட்டி விகிதத்தில் ஏற்றக் கூடாது. தனிக் கட்டணமாகத்தான் போட வேண்டும். இது 2024இல் நடைமுறைக்கு வந்தது. தாமதம் உங்களுடையதாக இருந்தாலும் இந்த உரிமை உண்டு.

பயன்படுத்தாத லிமிட்டுக்கு 'கமிட்மெண்ட் சார்ஜ்' என்று தனி வரி இருந்தால் அனுமதிக் கடிதத்தை எடுங்கள். அதில் சொல்லியிருந்தால் கட்டித்தான் ஆக வேண்டும். இல்லையென்றால் கேளுங்கள்.

கேட்பதை எழுத்தில் கேளுங்கள். 'வட்டி அதிகம்' என்று மட்டும் எழுதினால் பொதுவான பதில்தான் வரும். '130 லட்சத்துக்கு 10.95 சதவீதப்படி 3,900 வர வேண்டும், 4,256 கழிந்திருக்கிறது, 356 ரூபாய்க்கு நாள்வாரி வட்டிக் கணக்கு தாருங்கள்' என்று எழுதி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோ மின்னஞ்சல் பதிலோ வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும், cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் தாமதிக்காமல் புகார் செய்யலாம். கட்டணம் கிடையாது. வங்கியிடம் முதலில் எழுதியதற்கான நகல் இல்லாமல் அங்கே போனால் புகார் நிற்காது.

வங்கி தவறை ஒப்புக்கொண்டு பணத்தைத் திருப்பினால், எந்தத் தேதியில் வரவு வைத்தார்கள் என்று பாருங்கள். ஜூன் 30இல் அதிகமாகக் கழிந்த 356 ரூபாயும் பாக்கியில் சேர்ந்து, அடுத்த நாளிலிருந்து அதற்கும் வட்டி ஓடியிருக்கும். ஆகவே கழித்த தேதியிலேயே வரவு வைக்கச் சொல்ல வேண்டும். அதே ஒரு சதவீதம் முந்தைய மாதங்களிலும் ஏறியிருக்கிறதா என்று பழைய ஸ்டேட்மெண்டுகளையும் இதே முறையில் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.