செய்தியாளர் அப்படியே எடுத்துப் போடும் பதில்

2008-இல் பீட்டர் ஷாங்க்மன் என்ற அமெரிக்கர் ‘ஹெல்ப் எ ரிப்போர்ட்டர் அவுட்’ என்ற மின்னஞ்சல் சேவையைத் தொடங்கினார். சுருக்கமாக ஹாரோ. கட்டுரை எழுதும் செய்தியாளர்கள் தங்களுக்கு வேண்டிய விவரத்தைக் கேள்வியாக அனுப்புவார்கள். அவற்றைத் தொகுத்துச் சந்தாதாரர்களுக்கு அனுப்புவார்கள். விஷயம் தெரிந்தவர் பதில் எழுதலாம். அது அச்சேறினால் அவர் பெயரும் கடையின் பெயரும் வரும். பல சமயம் கடையின் இணையதளத்துக்கு இணைப்பும் கிடைக்கும். நல்ல தளங்களிலிருந்து வரும் இணைப்புகளைக் கூகுள் மதிப்பின் அடையாளமாக எடுத்துக்கொள்வதால், விளம்பரத்துக்குப் பணமில்லாத சிறு வியாபாரிக்கு இது பெரிய உதவி. இடையில் கனெக்டிவ்லி என்று பெயர் மாறி, 2024 டிசம்பரில் மூடப்பட்ட ஹாரோ, 2025-இல் வேறு நிறுவனத்தின் கையில் மறுபடி தொடங்கியது.

காப்பிக்கொட்டை வறுத்து விற்கும் ஒருவர் கண்ணில் இந்தக் கேள்வி படுகிறது என்று வைத்துக்கொள்வோம்: “காப்பித்தூளை ஃப்ரீசரில் வைக்கலாமா? காப்பித் தொழிலில் இருப்பவர்கள் மட்டும். நாளை மாலைக்குள்.”

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். “எங்களுக்கு நீண்ட அனுபவம் உண்டு, தொலைபேசியில் பேசலாமா?” என்று எழுதுகிறார்கள். செய்தியாளருக்கு அப்போது வேண்டியது பேச்சல்ல, கட்டுரையில் வைக்க ஒரு மேற்கோள். அதனால் முதல் வரியிலேயே விடை வர வேண்டும்:

“வைக்கலாம், ஆனால் ஒரு வாரத்துக்கு வேண்டிய அளவாகப் பிரித்து, காற்றுப் புகாமல் கட்டி வையுங்கள். வெளியே எடுத்த பொட்டலத்தைத் திரும்ப உள்ளே வைக்காதீர்கள். குளிர்ந்த தூள்மீது காற்றின் ஈரம் படிந்து மணத்தைக் கெடுத்துவிடும்.”

இதில் செய்யும் முறை, செய்யக்கூடாதது, காரணம் மூன்றும் இருக்கின்றன. ஒரு எழுத்தும் மாற்றாமல் கட்டுரையில் வைக்கலாம். ‘காப்பியைச் சரியாகப் பாதுகாப்பது மிக முக்கியம்’ என்று எழுதியிருந்தால் யாரும் எடுத்திருக்க மாட்டார்கள், அதை எவரும் சொல்லிவிடலாம் என்பதால். மேற்கோளுக்குக் கீழே பெயர், செய்யும் தொழில், கடைப் பெயர், தள முகவரி போதும். கெடு நாளை மாலை என்றாலும் இன்றே அனுப்புவது நல்லது. தேவையான இரண்டு மூன்று மேற்கோள்கள் கிடைத்ததும் செய்தியாளர் மற்றவற்றைத் திறக்காமலே விடக்கூடும்.

கட்டுரை வெளிவந்ததைப் பலர் தெரிவிப்பதில்லை. கடைப் பெயரை மேற்கோள் குறிக்குள் இட்டுக் கூகுளில் அவ்வப்போது தேட வேண்டும். பெயர் மட்டும் வந்து இணைப்பு இல்லாவிட்டால் பணிவாக ஒருமுறை கேட்கலாம். இணைப்பு இருந்தும் பக்கத்தின் மூலநிரலில் rel="nofollow" என்று இருந்தால், தேடல் தரவரிசைக்கு அதனால் பெரிய பலன் எதிர்பார்க்க முடியாது; ஆனாலும் படிப்பவர் அதைச் சொடுக்கிக் கடைக்கு வர முடியும்.

தெரியாத கேள்விக்குப் பதில் எழுதாதீர்கள். காப்பி வியாபாரி இதயநோய் பற்றிச் சொன்னதை நம்பி ஒரு வாசகர் நடந்துகொண்டால், அந்தத் தீங்கு எந்த இணைப்பையும்விடப் பெரியது.