அடக்கவிலையும் உள்ளீட்டு வரியும்

நாமக்கல் வட்டாரம் இரண்டு தொழில்களுக்குப் பெயர் பெற்றது. ஒன்று, லாரிகளுக்குக் கூண்டு கட்டும் தொழில். மற்றொன்று, முட்டைக்கோழி வளர்ப்பு. இருவகைத் தொழிலிலும் மூலப்பொருள் வாங்கும்போது சரக்கு மற்றும் சேவை வரி செலுத்தப்படுகிறது. ஆயினும் அவ்வரி ஒரு தொழிலில் மூலப்பொருளின் அடக்கவிலையில் சேர்வதில்லை, மற்றொன்றில் சேர்கிறது.

கூண்டு கட்டும் பட்டறை ஒன்று ரூ.1,00,000 மதிப்புள்ள இரும்புத் தகடுகளை வாங்குகிறது எனக் கொள்க. வரி 18 விழுக்காடு, அதாவது ரூ.18,000. ஏற்று இறக்கு கூலி ரூ.2,000. கைவிட்டுச் சென்ற தொகை ரூ.1,20,000. பட்டறை தன் வாடிக்கையாளரிடம் வரி வசூலித்து அரசுக்குச் செலுத்துகையில், முன்பு செலுத்திய ரூ.18,000-ஐக் கழித்துக்கொள்ளும். திரும்பக் கிடைக்கும் தொகை செலவாகாது. அஃது அரசிடமிருந்து வர வேண்டிய சொத்து. ஆகவே அது 'உள்ளீட்டு வரி வரவு' என்னும் தனிக் கணக்கில் பற்று எழுதப்படும். தகட்டின் அடக்கவிலை ரூ.1,02,000 மட்டுமே. தவறாக ரூ.1,20,000 எனக் கொண்டால் இருப்புச் சரக்கின் மதிப்பு உயர்ந்து தோன்றும்; அதன்மீது விலை வைத்து மீண்டும் வரி கணக்கிடுகையில் வரிக்கு மேல் வரி ஏறும்.

இனி, கோழிப்பண்ணை ஒன்று தீவனத்தில் கலக்கும் மெத்தியோனின் 200 கிலோவை, கிலோ ரூ.500 வீதம் வாங்குகிறது எனக் கொள்க. வரியும் கூலியும் முன்போலவே. ஓட்டுடன் கூடிய முட்டை வரிவிலக்குப் பெற்ற பொருள். விற்பனையில் வரி இல்லாமையால் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. 2017ஆம் ஆண்டின் மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் பிரிவு 17, வரிவிலக்குப் பெற்ற விற்பனைக்குரிய உள்ளீட்டு வரி வரவை மறுக்கிறது. எனவே ரூ.18,000 முழுவதும் பண்ணையின் செலவே. அடக்கவிலை ரூ.1,20,000, கிலோவுக்கு ரூ.600. வரியை விட்டுக் கணக்கிட்டால் ரூ.510 எனத் தோன்றும். அக்கணக்கை நம்பி முட்டைக்கு விலை ஏற்கும் பண்ணையாளர், இலாபம் என எண்ணி நட்டத்தில் விற்க நேரிடும்.

வேறுபாடு வாங்கிய பொருளில் இல்லை. விற்பனையின் தன்மையில் உள்ளது. அதே முட்டையை, பதிவு பெற்ற பண்ணை நேரடியாக வளைகுடா நாடுகளுக்கு ஏற்றுமதி செய்தால், அவ்விற்பனை சுழிய வரி விகிதத்திற்குரியது. அதற்கான உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெறச் சட்டம் இடமளிக்கிறது. உள்நாட்டு விற்பனையும் ஏற்றுமதியும் கலந்திருப்பின், வரியை விகிதப்படி பிரித்து, திரும்பப் பெற இயலாத பகுதியை மட்டும் அடக்கவிலையில் சேர்த்தல் வேண்டும்.

வரி விதிக்கத்தக்க பொருளை விற்பவருக்கும் வரவு தானாகக் கிடைப்பதன்று. முறையான வரிப் பட்டியல் கையில் இருத்தலும், சரக்கு வந்து சேர்ந்திருத்தலும், விற்றவர் வரியை அரசுக்குச் செலுத்தியிருத்தலும் தேவை. எனவே கொள்முதலைப் பதியும் கணக்கர் முதலில் எழுப்ப வேண்டிய வினா, 'எவ்வளவு வரி செலுத்தப்பட்டது?' என்பதன்று, 'அதில் எவ்வளவு திரும்ப வரும்?' என்பதே.