ஒரு சொடுக்கில் என்னென்ன போகிறது?

கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். சம்பளம் போதவில்லை, வேறு இடம் பார்க்க வேண்டும். ஆனால் விஷயம் இப்போதைய மேனேஜர் காதுக்குப் போய்விடக் கூடாது. இரவில் சாப்பாடு முடிந்ததும் போனில் லிங்க்ட்இன் செயலியைத் திறக்கிறார். அவர் எதைத் தொட்டால் எந்தத் தகவல் யாரிடம் போகிறது?

முதலில் அவர் செய்வது வேலை அலெர்ட் வைப்பது. ‘அக்கவுன்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவ், கோயம்புத்தூர்’ என்று தேடி, அலெர்ட்டை இயக்குகிறார். புது வேலை வந்தால் தினமுமோ வாரம் ஒருமுறையோ மின்னஞ்சல் வரும். இதில் அவருடைய ரெஸ்யூம் யாருக்கும் போவதில்லை. அவர் என்ன தேடுகிறார் என்பது தளத்துக்கு மட்டும் தெரியும். மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. கணக்கு தொடங்கியபோது ஆபீஸ் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்திருந்தால், அலெர்ட் அங்கேயே வந்து விழும். இதில் பலர் கோட்டை விடுகிறார்கள். இன்னொன்று, குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் பெயரில் அலெர்ட் வைத்தால், அந்த ஆர்வத்தை அதே நிறுவனத்தின் ரெக்ரூட்டர்களுக்குத் தெரிவிக்க ஒரு தேர்வு இருக்கிறது. செட்டிங்ஸில் Data privacy பகுதிக்குள் Job seeking preferences என்ற இடத்தில் அதைப் பார்க்கலாம். வேண்டாமென்றால் அணைத்துவிடலாம்.

அடுத்து விண்ணப்பம். இங்கேதான் நிதானம் தேவை. வேலை அறிவிப்பின் கீழே இரண்டில் ஒரு பொத்தான் இருக்கும்: Easy Apply அல்லது வெறும் Apply. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் வேலை செய்யும் விதம் வேறு.

Easy Apply-யை அழுத்தினால் தளத்தை விட்டு வெளியே போகாமலேயே விண்ணப்பம் முடிந்துவிடும். மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருக்கும். கடைசியாகப் பயன்படுத்திய ரெஸ்யூம் தயாராகத் தேர்வாகி நிற்கும். ‘நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள்’, ‘டேலியில் எத்தனை வருட அனுபவம்’ என்று சில கேள்விகள் வரும். அனுப்பியதும் வேலை அறிவித்தவருக்கு ரெஸ்யூம், தொடர்பு விவரங்கள், கேள்விகளுக்கான பதில்கள் எல்லாம் போகும். அவற்றோடு லிங்க்ட்இன் புரொஃபைலும் முழுதாகப் போகும். புரொஃபைலில் சில பகுதிகளைப் பொதுப் பார்வையிலிருந்து மறைத்து வைத்திருப்பார் நம் கோவைக்காரர். அந்த மறைப்பு கூகுளில் தேடுகிற வழிப்போக்கருக்குத்தான். விண்ணப்பத்தைப் பெறுபவருக்கு அல்ல. எனவே ரெஸ்யூமில் ஒரு வேலைக்காலத்தை விட்டுவிட்டு, புரொஃபைலில் அதை வைத்திருந்தால், எதிரே உட்கார்ந்திருப்பவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்.

வெறும் Apply பொத்தான் நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்கு அழைத்துப் போகும். அங்கே நீண்ட படிவம் கிடக்கும். ‘இதை நிரப்ப இப்போது நேரமில்லை’ என்று நம்மவர் மூடிவிடுகிறார். விண்ணப்பிக்கவே இல்லை என்றுதான் நினைப்பார். ஆனால் Apply-யைத் தொட்டாலே புரொஃபைலை அறிவித்தவரோடு பகிரும் தேர்வு ஒன்று உண்டு. அதற்கு எப்போதோ ஒப்புக்கொண்டிருந்தால், படிவம் பாதியில் நின்றாலும் புரொஃபைல் போய்விட்டிருக்கும். ரெஸ்யூம் போயிருக்காது, ஆனால் ‘இவர் நம் வேலையைப் பார்த்தார்’ என்ற செய்தி போயிருக்கும். இந்தத் தேர்வும் மேலே சொன்ன அதே பகுதியில்தான் இருக்கிறது. வேடிக்கை பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் இதை அணைத்து வைப்பதே நல்லது என்பேன்.

அனுப்பிய ரெஸ்யூம் தளத்தில் சேமிக்கப்பட்டு, அடுத்த விண்ணப்பத்துக்குத் தயாராக நிற்கும். Job application settings பக்கத்துக்குப் போய்ப் பழையவற்றை நீக்கலாம், சேமிப்பதையே நிறுத்தலாம். ஆனால் அது தளத்தில் இருக்கும் பிரதியை மட்டுமே அழிக்கும். நிறுவனம் இறக்கி வைத்திருக்கும் பிரதி அதன் ஆள்சேர்ப்பு மென்பொருளில் அப்படியே கிடக்கும். அதை நீக்கச் சொல்ல வேண்டுமானால் அந்த நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும்.

மூன்றாவது, ரெக்ரூட்டரிடமிருந்து வரும் செய்தி. வேலை தேடுவதை அறிவிக்க Open to Work என்ற வசதி இருக்கிறது. எல்லோருக்கும் தெரியும்படி வைத்தால் புகைப்படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் வரும். ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் என்று வைத்தால் வளையம் வராது. இப்போதைய நிறுவனத்தின் ரெக்ரூட்டர்களுக்கு இது தெரியாமலிருக்கத் தளம் முயற்சி எடுக்கிறது. ஆனால் முழு உத்தரவாதம் தர முடியாது என்று அதுவே சொல்கிறது. காரணம் எளிது. புரொஃபைலில் இப்போதைய நிறுவனத்தைத் தவறான பக்கத்தோடு இணைத்திருந்தால், யாரிடம் மறைக்க வேண்டுமென்று தளத்துக்கே தெரியாது. தவிர, நம்மூர்களில் ஆள் எடுக்கும் வேலை பெரும்பாலும் கன்சல்டன்சிகளிடம் இருக்கிறது. கன்சல்டன்சிக்காரர் அந்த நிறுவனத்தின் ஊழியர் அல்லர்; அவர் கண்ணுக்கு அந்தத் திரை இல்லை.

நம் கோவைக்காரருக்கு ஒரு செய்தி வருகிறது. ‘எங்கள் கிளையன்ட் ஒரு முன்னணி உற்பத்தி நிறுவனம். அப்டேட்டட் சிவி, கரன்ட் சிடிசி, நோட்டீஸ் பீரியட் அனுப்புங்கள் மேடம்.’ செய்தி வந்ததால் ரெஸ்யூம் போய்விடாது. அவர் மின்னஞ்சலிலோ வாட்ஸப்பிலோ அனுப்பும்போதுதான் போகிறது, அந்தப் பிரதியின் மேல் எந்த செட்டிங்ஸும் செல்லாது. பெயர் சொல்லாத கிளையன்ட் அவருடைய சொந்த நிறுவனமாகவே இருந்துவிட்டால்? பம்ப் தொழிலில் கோவை அப்படியொன்றும் பெரிய ஊர் அல்ல. ஆகவே முதலில் கேட்க வேண்டியது கிளையன்ட் பெயரைத்தான். சொல்ல முடியாது என்றால், ‘என் இப்போதைய நிறுவனத்துக்கு அனுப்பக் கூடாது, என்னைக் கேட்காமல் யாருக்கும் அனுப்பக் கூடாது’ என்று எழுத்தில் சொல்லிவிட்டு அனுப்பலாம். நேர்மையான கன்சல்டன்ட் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். எடுத்த எடுப்பில் ஆதார், பான், சம்பளச் சீட்டு கேட்பவரையும் பதிவுக் கட்டணம் கேட்பவரையும் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அந்த வேலை நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

இதுவரை எங்கெல்லாம் போயிற்று என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. அதே Data privacy பகுதியில் Get a copy of your data என்பதை அழுத்தினால், தளம் உங்கள் தகவல்களைக் கோப்புகளாகக் கட்டி அனுப்பும். அதில் விண்ணப்பங்களுக்கான கோப்பில், தளம் வழியாக எந்தத் தேதியில், எந்த நிறுவனத்துக்கு, எந்த ரெஸ்யூமோடு அனுப்பினீர்கள் என்பது வரிவரியாக இருக்கும். ஓய்வான ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்து பாருங்கள். மறந்துபோன பெயர்கள் கிடைக்கும்.

இதையெல்லாம்விட முக்கியம், அனுப்பும் கோப்பில் என்ன இருக்கிறது என்பது. லிங்க்ட்இன் புரொஃபைல் அப்பா பெயரைக் கேட்பதில்லை. பாஸ்போர்ட் எண்ணையும் திருமணமானவரா என்பதையும் கேட்பதில்லை. நம் ஊர் ரெஸ்யூமின் கடைசிப் பக்கத்திலோ இவை எல்லாம் வீட்டு முகவரியோடும் கையெழுத்தோடும் உட்கார்ந்திருக்கின்றன. சிலர் அந்தக் கோப்பையே புரொஃபைலின் Featured பகுதியில் ஏற்றிவிடுகிறார்கள்; புரொஃபைலுக்கு வரும் முகந்தெரியாத ஆளும் அதைத் திறந்து படிக்கலாம். பெயர், ஊர், மின்னஞ்சல், ஒரு கைப்பேசி எண், படிப்பு, அனுபவம் இவை மட்டும் உள்ள ஒரு பிரதியைத் தயார் செய்து, தளங்களிலும் கன்சல்டன்சிகளிடமும் அதையே கொடுங்கள். மற்ற விவரங்களை வேலை உறுதியான பிறகு, சேரப்போகும் நிறுவனத்தின் மனிதவளத் துறையிடம் கொடுத்தால் போதும்.